ஞாயிற்றுக்கிழமைக் கூடைக்கு ஒரு வரி

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றேகால் மணிக்குச் செய்தி வந்தது. தந்திச் சேவகன் கொண்டுவரவில்லை. யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. உள்ளங்கை அளவான ஒரு புகைப்படத்தில், ஒரு காய்கறிக் கூடையின் வடிவத்தில் அது அனந்தகிருஷ்ணனின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

கல்கத்தாவில் தர்மதலாத் தெருவில் படத் தபாலட்டைகள் விற்கும் கம்பெனி ஒன்று அப்போது இருந்தது. சீமைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் ஊர்க் காட்சிகளை அட்டையில் அனுப்புவது வழக்கமாகிவிட்ட காலம் அது. கங்கைப் படித்துறை, டிராம், தண்ணீர் சுமக்கும் பிஸ்தி என்று எது விற்குமோ அதையெல்லாம் படம் எடுத்தார்கள். படங்களுக்கு அடியில் வரும் ஒற்றை வரியை எழுதுவது அனந்தகிருஷ்ணனின் வேலை. கும்பகோணம் காலேஜில் எஃப்.ஏ. தேறிவிட்டு வடக்கே வந்தவர். பதினான்கு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வரி எழுத ஒரு ஆளா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஒரு வரியில் எத்தனை பொய் நுழையும் என்பது அவருக்குத்தான் தெரியும். படம் எடுப்பவன் எங்கேயோ எடுத்ததைக் காளிகாட் என்பான். சாயங்காலம் எடுத்ததை விடியற்காலை என்பான். ஆகவே அவர் யாரையும் நம்புவதில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார். பிறகு கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, தரை ஈரமா, மனிதர்கள் காலில் செருப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தான் சத்தியம் செய்யக்கூடியதை மட்டும் எழுதுவார். படத்தின் கீழே விடப்பட்ட வெள்ளைப் பட்டையில் நாற்பது எழுத்துக்கு மேல் பிடிக்காது. கண்ணால் பார்த்தாலே தெரிவதை அதில் எழுதுவது வீண். பார்த்தால் தெரியாததை எழுதினால் அதற்குச் சாட்சி வேண்டும். தொழிலுக்கு அந்தச் சந்தேகம் நன்றாகவே உதவியது. வீட்டுக்கும் அதையே எடுத்துக்கொண்டு போனதுதான் தொல்லை.

படத்தைக் கொண்டுவந்து வைத்தவர் மேனேஜர் ஹேரம்பபாபு. பவானிபூரில் ஜகுபாபு பஜாரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தது, வர்ண அட்டையாகப் போடப்போகிறோம் என்றார். கறுப்பு வெள்ளைப் படத்தை ஜெர்மனியில் உள்ள அச்சகத்துக்கு அனுப்பினால் அவர்கள் கல்லில் வர்ணம் ஏற்றி அச்சிட்டு அனுப்புவார்கள். எதற்கு என்ன நிறம் என்பது அவர்களுக்குத் தெரியாது. புடலங்காயை அவர்கள் ஜென்மத்தில் கண்டதில்லை. அதனால் படத்தின் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று தனித்தாளில் எழுதி அனுப்ப வேண்டும். அதுவும் அனந்தகிருஷ்ணனின் பொறுப்புதான்.

"வரியிலே மூணு விஷயம் வரணும் பாபு. ஞாயிற்றுக்கிழமை, நிறம், பேரச் சத்தம். பார்க்கிறவன் காதிலே சந்தை இரையணும்" என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர்.

நிறமும் இல்லாத, வாயும் இல்லாத ஒரு படத்தில் இதையெல்லாம் எங்கே தேடுவது? அனந்தகிருஷ்ணன் பூதக்கண்ணாடியை வைத்தார். பந்தல் மூங்கிலின் நிழல் மேற்கே நீண்டிருந்தது. ஆகவே காலைதான். பின்னால் நின்றவர்கள் வேலைக்காரர்கள் அல்ல. சட்டையும் சால்வையும் குடையுமாக, கையில் பையோடு நின்ற ஆபீஸ் பாபுக்கள். வங்காளிக் குடும்பஸ்தன் வாரம் ஆறு நாளும் வேலைக்காரனை அனுப்புவான். ஏழாம் நாள் தானே போய் மீனையும் காயையும் தொட்டுப் பார்த்து வாங்கினால்தான் அவனுக்குத் திருப்தி. ஞாயிறு என்பதற்கும் சாட்சி கிடைத்துவிட்டது. பேரம்? விற்கிறவளின் கை இருக்க வேண்டிய இடத்தில் வெண்புகை போல ஒரு கலங்கல் இருந்தது. வாங்குகிறவனின் ஒரு கையும் அப்படியே. கண்ணாடித் தகட்டில் அசையாதது மட்டுமே தெளிவாக விழும். விலைக்காக ஆடிய கைகள் கரைந்துபோக, நடுவில் கூடை மட்டும் ஆணியடித்தாற்போல நின்றது.

கூடைக்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு சீப்பு வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், விளிம்புக்கு மேல் வளைந்து கிடந்த இரண்டு புடலங்காய், இஞ்சிக் கொத்து, ஓரத்தில் செருகிய வாழையிலைச் சுருள். உருளைக்கிழங்கு இல்லை. அந்த ஊர்ச் சந்தையில் உருளைக்கிழங்கு இல்லாமல் ஒரு கூடை வெளியே போகாது.

வங்காளி கண்ணுக்கு அது வெறும் கூடை. தஞ்சாவூர் ஜில்லாக்காரர் கண்ணுக்கு அப்படி இல்லை. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகல், புடலை, இஞ்சி, கூடவே நுனி இலை. சீமைக் காய் ஒன்றுகூடக் கிடையாது. அது திவசத்துக்கு வாங்கும் கூடை.

இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யார் வீட்டில் திவசம் என்று யோசித்தபடியே பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினார். கூடைக்குப் பக்கத்தில் விரித்திருந்த சாக்கில் வெண்டைக்காய்க் குவியல். அதன் ஓரத்தில் ஒடித்துப் போட்ட நாலு நுனிகள். வாங்குகிறவன் மெட்ராஸ் பக்கத்து ஆள் என்பதற்கு இனி வேறு கையெழுத்து வேண்டாம். அவன் கட்டியிருந்தது பஞ்சகச்சம். படம் அவன் கழுத்தோடு நின்றுவிட்டது, முகம் இல்லை. கூடையில் சாய்த்து வைத்திருந்த குடையின் கைப்பிடியில் மட்டும், பாங்கியில் காகிதக் கட்டுகளைக் கட்டும் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தது. விரிசல் விட்ட பிடியை அப்படிக் கட்டிக் கொடுத்தவர் அனந்தகிருஷ்ணனேதான், நாலு வருஷத்துக்கு முன்னால்.

குடை அவருடைய தம்பி ராஜாராமனுடையது.

அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷமாகிறது. அதற்கு முன்பு பௌபஜாரில் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் குடித்தனம். அனந்தகிருஷ்ணன் சீமைக் காய் தொடமாட்டார். உருளைக்கிழங்கு, கோஸ், காரட் எதுவும் இலைப்பக்கம் வரக்கூடாது. பாங்கியில் வேலைக்குப் போன தம்பிக்கு உருளைக்கிழங்கு இல்லாமல் சோறு இறங்காது என்று ஆயிற்று. ஒரு அமாவாசையன்று தம்பி மனைவி சாவித்ரியின் புடவைத் தலைப்பில் நாலு உருளைக்கிழங்கு முடிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இந்தச் சமையலறையில் இதுவரை எத்தனை நாள் எனக்குத் தெரியாமல் எதைப் போட்டாய் என்று அவர் கேட்டார். அவள் அழவில்லை; மறுநாள் பாத்திரங்களைப் பிரித்தாள். தம்பி பவானிபூருக்கு வீடு பார்த்துக்கொண்டு போகையில் அனந்தகிருஷ்ணன் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். நல்லதோ கெட்டதோ, உன் வாயால் எனக்கு எந்தச் சேதியும் வேண்டாம் என்றார்.

அந்த வார்த்தைதான் இப்போது பூதக்கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே வந்து நின்றது.

அம்மாவுக்குத் திதி மார்கழியில். ஆடி மாசத்தில் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் திவசம் கிடையாது. கும்பகோணத்தில் அப்பா வெங்கடசுப்ரமணியன் எழுபத்தாறு வயதில் அத்தை பிள்ளை மஹாதேவனோடு இருக்கிறார். அப்பாவிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து ஐந்து வாரம். அதுகூட மஹாதேவன் எழுத்து. கீழே கையெழுத்து மட்டும் கோழி கிளறினது போல இருந்தது. இது அப்பா போட்டதுதானா என்று அப்போதே சந்தேகப்பட்டு, பதில் போடாமல் மேஜைக்குள் வைத்திருந்தார். ஐந்து வாரத்தைப் பின்னோக்கி எண்ணினார். ஒருவர் போனால் இருபத்தேழாம் நாள் ஊன மாசிகம் என்ற முதல் மாசச் சடங்கு வரும். அதற்கும் இதே காய்கள்தான். எண்ணிக்கை பொருந்துகிறாற்போல இருந்தது. பொருந்தாத இடத்தை அவர் பொருத்திக்கொண்டார்.

அப்பா போய்விட்டார். தந்தி தம்பிக்கு வந்திருக்கிறது. அண்ணனுக்குச் சேதி வேண்டாமென்று அண்ணனே சொல்லியிருக்கிறாரே என்று தம்பி வாயை மூடிக்கொண்டு, மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தான் வைத்துவிட்டு வந்து மாசிகமும் பண்ணிக்கொண்டிருக்கிறான். அனந்தகிருஷ்ணனோ தீட்டென்று தெரியாமல் தினமும் சந்தனம் இட்டுக்கொண்டு ஆபீஸ் வருகிறார்.

அன்று அந்தக் கூடைக்கு அவரால் ஒரு எழுத்தும் எழுத முடியவில்லை. ஹேரம்பபாபு கேட்டதற்கு, படத்தில் சந்தேகம் இருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்றார். மேனேஜருக்கு அது புதிதல்ல. அடுத்த தபால் கப்பலுக்குள் முடித்துவிடு என்று மட்டும் சொன்னார்.

படம் எடுத்த நிபாரணைப் பிடித்து விசாரித்தார். அந்த மெட்ராஸி பாபுவின் தலை எப்படி இருந்தது, மழித்திருந்ததா என்று கேட்டார். நிபாரண் முக்காலிக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவன். கண்ணாடியில் கூடை தலைகீழாகத் தெரிந்தது, கூடைக்காரன் தலையை நான் எங்கே கண்டேன் என்றான். அந்த ஆள் சட்டென்று நகர்ந்துவிடுவான் என்று பயந்து, கூடையையாவது பிடிப்போமென்று எடுத்ததாம். முகத்தை வேண்டுமென்றே வெட்டினாயா என்று அனந்தகிருஷ்ணன் கேட்டார். நிபாரண் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இருட்டறைக்குள் போய்விட்டான்.

புதன்கிழமை தம்பியின் பாங்கிக்குப் போனார். உள்ளே நுழையவில்லை. வாசலில் சேவகனிடம் வேறெதையோ கேட்பது போல விசாரித்ததில், ராஜாராம்பாபு போன மாசம் பன்னிரண்டு நாள் லீவிலிருந்தார் என்று தெரிந்தது. எதற்காக என்று சேவகனுக்குத் தெரியவில்லை. கும்பகோணம் போய்க் காரியம் முடித்துத் திரும்பப் பன்னிரண்டு நாள் பற்றாது. அனந்தகிருஷ்ணனுக்கு அது தெரியும். பத்தாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் இங்கேயே கங்கைக் கரையில் செய்திருக்கலாமே என்று தமக்குத் தாமே பதிலும் சொல்லிக்கொண்டார்.

தந்தி ஆபீஸில் வெகுநேரம் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றார். அப்பா இருக்கிறாரா என்று எந்தப் பிள்ளை கேட்டு எழுதுவான்? கடைசியில், அப்பா சரீர நிலை தெரிவிக்கவும் என்று அடித்தார். வியாழக்கிழமை பதில் வந்தது: அப்பா சௌக்கியம், மஹாதேவன்.

இதற்கு மேல் வேறொருவராக இருந்தால் தூங்கியிருப்பார். அனந்தகிருஷ்ணன் தந்தியை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏன் மஹாதேவன் பேரில் வருகிறது? தூரத்தில் இருப்பவன் பதறக்கூடாதென்று இறந்தவரைச் சௌக்கியம் என்று சொல்வது ஊரில் வழக்கம்தானே? மனைவி ஜெயலக்ஷ்மியிடம் முழுதும் சொன்னார். அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். கூடையை நன்றாகவே பார்த்தாள்.

"நல்ல வாழைக்காய்" என்றாள்.

"அதுதானா உனக்குத் தெரியறது?"

"ஏன்னா, ஒரு கூடையைப் பார்த்தே ஒரு மனுஷரைக் கொன்னுடுவேளா? சந்தேகமா இருந்தா டிராம் ஏறிப் போய்க் கேக்கறதுதானே. அஞ்சு மைல்கூட இல்லை. கும்பகோணத்துக்குத் தந்தி அடிக்கத் தெரியறது, பவானிபூருக்குப் போகத் தெரியலை."

அவன் வீட்டு வாசலில் போய் நான் நிற்பதா என்றார். நிற்க வேண்டாம், நீங்கள் ஏதோ நிறம் எழுத வேண்டும் என்றீர்களே, சந்தைக்கு அதற்காகத்தானே போகப்போகிறீர்கள் என்றாள் அவள். அது உண்மைதான். நிறத்தாள் எழுதச் சந்தைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். கௌரவத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காளிகாட் டிராமில் ஏறினார். இரவு பெய்த மழை விட்டிருந்தது. ஜகுபாபு பஜாருக்குள் போகுமுன்பே சத்தம் வந்து காதில் மோதியது. பெஹாலாத் தோட்டங்களிலிருந்து இரவோடிரவாக வண்டியில் வந்த காய்கள் ஈரம் சொட்டக் குவிந்திருந்தன. பரங்கிக்காயைப் பாதியாக வெட்டி, மஞ்சள் முகத்தை வெளியே காட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் கருநீலமாகக் கத்தரிக்காய், ரத்தம் போலச் சிவந்த கீரைத்தண்டு, பச்சைக்குள் பச்சையாகக் கோவைக்காயைப் போன்ற பட்டோல். படத்தில் எல்லாம் சாம்பலாக இருந்தது இங்கே கண்ணைக் குத்தியது. ஒருத்தி விலை சொல்ல, பாபு பாதி சொல்ல, அவள் சாமியைச் சாட்சிக்கு அழைக்க, பாபு குடையை எடுத்துக்கொண்டு நாலு அடி நடக்க, அவள் கூப்பிட, அவர் திரும்ப, தராசு ஏற, தட்டு தாழ்ந்த பிறகும் பாபு நகராமல் நிற்க, அவள் திட்டிக்கொண்டே கைப்பிடி பச்சை மிளகாயைச் சும்மா அள்ளிப் போட்டாள். அந்தக் கொசுறைக் கையில் வாங்கினால்தான் பேரம் முடிந்ததாக அங்கே கணக்கு. விலை ஒத்துப்போனது பெரிதில்லை.

படத்தில் இருந்த மூங்கிலையும் சாக்கையும் அடையாளம் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் க்ஷேத்ரமணி என்ற வயதான பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளைச் சித்தி என்ற அர்த்தத்தில் மாஷி என்றார்கள். அனந்தகிருஷ்ணன் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு குனிந்தார். வாழைக்காய்: நல்ல பச்சை, காம்பு கறுப்பு. புடலங்காய்: வெளிர் பச்சை, வெள்ளை வரி. பாகற்காய் என்று எழுதியவர், அவளைப் பேச வைப்பதற்காக வெண்டைக்காய்க் குவியலில் கைவைத்து, பழக்கதோஷத்தில் ஒன்றின் நுனியை ஒடித்துவிட்டார்.

மாஷி தராசுத் தட்டை நங்கென்று வைத்தாள். அவர்கள் பேசியது வங்காள மொழியில். ஒடித்தால் எடுத்துக்கொள்ள வேண்டும், மெட்ராஸிக்காரர்களுக்கு யார் இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது, போன ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் நாலு காயை முறித்துவிட்டு, முற்றல் என்று போட்டுவிட்டுப் போனார் என்று ஆரம்பித்தாள்.

அவர் எந்த மாதிரி ஆள் என்று அனந்தகிருஷ்ணன் கேட்டார். குரல் சாதாரணமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். மெலிந்த பாபு, போன மாசம் ஜுரத்தில் கிடந்து எழுந்தவர், குடைப்பிடியில் நாடா சுற்றியிருக்கும் என்றாள். தலை? தலைக்கு என்ன, எண்ணெய் வழியக் குடுமி முடிந்திருந்தது என்றாள்.

அனந்தகிருஷ்ணனின் கையில் பென்சில் நின்றது. மழிக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. அப்படியானால் எதற்கு அந்தக் கூடை? வாழைக்காயும் சேம்பும் பாகலும் வாங்கிக்கொண்டு போனாரே, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்.

மாஷி சிரித்தாள். வெற்றிலைக் காவி ஏறிய பல். "மூணு ஞாயிறா இதேதான் பாபு. முதல் வாரம் பழக்கத்திலே உருளைக்கிழங்குக் குவியலுக்குக் கை போச்சு, சுட்டாப்போல இழுத்துக்கிட்டார். ஆலு இல்லாம வீட்டிலே என்ன சோறுன்னு கேலி பண்ணினேன். எங்க தாதா, கூடப் பிறந்த மூத்தவர், சாப்பிட வரப்போறார், அவர் ஆலு தொடமாட்டார்னார். ரெண்டாம் வாரம் தாதா வந்தாரான்னு கேட்டேன். இன்னும் இல்லைன்னார். போன வாரமும் கேட்டேன். வழியிலே இருக்கார்னு சொன்னார்."

பிறகு அவள் அவர் கையிலிருந்த ஒடிந்த வெண்டைக்காயையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கேட்காமலே வெண்டைக்காயை நிறுத்து இலையில் கட்டி, மேலே கைப்பிடி மிளகாயும் போட்டாள்.

அனந்தகிருஷ்ணன் அந்த இடத்தை விட்டு நகர்ந்து பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீமைக் காய் இல்லாத கூடை என்று கண்டதும் செத்தவர் நினைவு வந்தது. சீமைக் காய் தொடாத ஒரு மனிதன் உயிரோடு இந்த ஊரிலேயே இருப்பது நினைவுக்கு வரவில்லை. பதினான்கு வருஷமாக ஒவ்வொரு நிழலையும் அளந்து பார்த்த கண் இது.

எட்டு மணி சுமாருக்கு ராஜாராமன் வந்தான். கையில் கூடை, கக்கத்தில் அந்தக் குடை. அண்ணனைப் பார்த்ததும் நின்றுவிட்டான். குடையை எடுத்துக் கூடைக்குள் வைத்தான், மறுபடி வெளியே எடுத்தான். நடுவில் மூட்டைக்காரர்கள் ஒதுங்கச் சொல்லி அதட்டிக்கொண்டு போனார்கள்.

"அண்ணா" என்றான்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"சௌக்கியமாத்தான் இருக்கார். முந்தாநாள் கடுதாசி வந்தது."

"யார் எழுத்து?"

"மஹாதேவன் எழுத்து. அப்பாவுக்குத்தான் கண்ணிலே பூ விழுந்துடுத்தே, கையெழுத்து மட்டும்தான் போடறார். உங்களுக்கும் எழுதினாராம், நீங்க பதில் போடலையாம்." கூடையை மறு கைக்கு மாற்றினான். "பெரியவன் இன்னும் எல்லாரையும் சந்தேகப்பட்டுண்டுதான் இருக்கானா, இல்லை கொஞ்சம் குறைஞ்சிருக்கான்னு கேட்டிருக்கார்."

அது அப்பாவின் வார்த்தைதான். மஹாதேவனுக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. ஐந்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் ஒரு பக்கம் புரண்டது.

"லீவு எதுக்குப் போட்டே?"

"மலேரியா. பன்னிரண்டு நாள்." லீவு விஷயம் அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. அண்ணனை அவனுக்குத் தெரியும்.

"மூணு வாரமா காய் வாங்கினியாமே. ஏன் வந்து கூப்பிடலை?"

ராஜாராமன் கூடையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "என் வாயால ஒரு சேதியும் வேண்டாம்னு சொன்னேளே அண்ணா. ஜுரத்திலே கிடக்கறப்போ சாவித்ரிதான் சொன்னா, போய்க் கூப்பிடுங்கோன்னு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கூப்பிடணும்னு காயை வாங்கிடுவேன். அப்புறம் டிராம்கிட்ட போய் நிப்பேன். சரி, வரமாட்டேள்னு திரும்பிடுவேன்."

"அந்தக் காயெல்லாம்?"

"நாங்களே சாப்பிட்டோம். மூணு வாரமா சேப்பங்கிழங்கு. சாவித்ரிக்குத் தொண்டை அரிக்கறது."

அனந்தகிருஷ்ணன் சிரிக்கவில்லை, ஆனால் வாய் ஒரு பக்கம் இழுத்தது. தம்பி கையிலிருந்த கூடையை வாங்கி, தம் கையிலிருந்த வெண்டைக்காய்ப் பொட்டலத்தை அதில் வைத்தார். "பத்திரமா பாரு, முத்தலா இருக்கப்போறது" என்றார். இரண்டு பேரும் மாஷி முன்னால் உட்கார்ந்து வாழைக்காய்க்கு அரை மணி பேரம் பேசினார்கள். அண்ணன் பாதி விலை சொல்ல, தம்பி எழுந்து நாலு அடி நடந்தான்.

அன்று பகல் சாவித்ரி இலை போட்டுப் பரிமாறினாள். முதலில் அவர் முன்னால் வந்து நின்று, சமையலறையை வந்து பார்த்துவிட்டு உட்காருங்கள், பிற்பாடு சந்தேகம் வேண்டாம் என்றாள். பழைய வார்த்தையை அவள் மறந்திருக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் அம்மா என்று சொல்லி உட்கார்ந்தார். உள்ளே எந்தப் பானையில் என்ன இருந்ததோ, கடைசி வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வரியை எழுதிக் கொடுத்தார். பவானிபூரில் ஞாயிறு காலை, பேரம் பேசி விருந்தாளிக்கு வாங்கிய கூடை. ஆங்கிலத்தில் அது சரியாக முப்பத்தொன்பது எழுத்து வந்தது. ஹேரம்பபாபு முகத்தைச் சுளித்தார். விருந்தாளி படத்தில் எங்கே, நிறமும் இரைச்சலும் எங்கே என்றார். நிறத்தை அச்சகம் போடும், அதை வரியில் சொல்வது கூறியது கூறல் என்றார் அனந்தகிருஷ்ணன். இரைச்சல் அந்தக் கலங்கிய இரண்டு கைகளில் இருக்கிறது. பேரம் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் பார்க்கிறவன் கண் தானே அங்கே போய் அதைக் கேட்டுக்கொள்ளும். விருந்தாளிக்குச் சாட்சி உண்டா பாபு என்று மேனேஜர் குத்தலாகக் கேட்டார். உண்டு, நேற்றுச் சாப்பிட்டவரே சாட்சி என்றார். மேனேஜருக்குப் புரியவில்லை, ஆனால் கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

அட்டை கார்த்திகை மாசம் அச்சாகி வந்தது. பாகற்காயை மட்டும் ஜெர்மானியர்கள் கொஞ்சம் மஞ்சளாக்கிவிட்டார்கள். சுமாராக விற்றது. அதன் பிறகு அனந்தகிருஷ்ணன் இரண்டு வருஷம் இருந்தார். சந்தேகம் விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. பால்காரன் பாத்திரத்தை எப்போதும் போலச் சாய்த்துத்தான் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டிராம் ஏறிப் பவானிபூர் போய்விடுவார். அந்தக் காளிகாட் டிராமில், ஒரு ஆவணி ஞாயிறன்று திரும்பி வருகையில், உட்கார்ந்தபடியே அவர் உயிர் போயிற்று.

கம்பெனியில் அவருடைய மேஜையை ஒழித்துக் கொடுத்தபோது காகிதங்களை ராஜாராமன் வாங்கி வந்தான். கூடைப் படத்துக்காகச் சந்தையில் உட்கார்ந்து அவர் பென்சிலால் எழுதிய நிறத்தாளும் அவற்றில் இருந்தது. அச்சகத்துக்குப் போனது அதன் பிரதி. ஏழு எண்களில் ஆறுக்கு நிறம் எழுதியிருக்கிறது. ஏழாவது எண் படத்தில் காய் வாங்குகிற தம்பியின் வேஷ்டிக் கரை. அதற்கு எதிரே, தமக்கே ஒரு குறிப்பாக, நேரில் பார்த்து எழுதவும் என்று மட்டும் இருக்கிறது.